குரல் சொன்னால் கேட்டே ஆக வேண்டுமா?

பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம், ஏர்வாடி என்று இராமநாதபுரம் கடற்கரையில் மனநலப் பணிக்கு வரும் இளம் உளவியலாளர்கள் மனச்சிதைவு நோயுள்ள இப்படி ஒருவரை வெகு சீக்கிரமே சந்திக்கிறார்கள். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார். தூக்கம் பரவாயில்லை. பழைய ஆவேசமும் இல்லை. ஆனால் காதில் கேட்கும் குரல் மட்டும் நிற்கவில்லை. அது கட்டளையிடுகிறது, அவர் கீழ்ப்படிகிறார். மருத்துவர் மருந்தை மாற்றிப் பார்த்திருக்கிறார், அளவைக் கூட்டியும் பார்த்திருக்கிறார். குரல் சற்றுத் தணிந்ததே தவிர, அதன் அதிகாரம் குறையவில்லை. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்ற பேச்சுச் சிகிச்சையின் வழியில் அந்த மனிதரோடு எப்படிப் பேசுவது என்பதற்காக எழுதப்பட்டது இந்தக் கட்டுரை.

அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் உரியது என்றுதான் பலர் படித்திருப்பார்கள். ஆனால் அதன் தந்தையான ஆரோன் பெக், தன்னை யாரோ வேவு பார்க்கிறார்கள் என்று நம்பிய ஒருவரைப் பேச்சின் மூலமாகவே தேற்றியதை 1952-லேயே எழுதிவிட்டார். குரல்களைப் பொறுத்தவரை திருப்பம் 1994-இல் வந்தது. பால் சாட்விக், மேக்ஸ் பிர்ச்வுட் என்ற இரு பிரிட்டிஷ் உளவியலாளர்கள் குரல் கேட்கும் 26 பேரிடம் பேசினார்கள். குரல் பேசும் சொற்களை வைத்து மட்டும் ஒருவர் படும் வேதனையைப் புரிந்துகொள்ள முடியவில்லை. குரலைப் பற்றி அவர் என்ன நம்புகிறார் என்பதே பெரிதாக இருந்தது. அது யார், நல்லதா கெட்டதா, எவ்வளவு சக்தி வாய்ந்தது, பேச்சைக் கேட்காவிட்டால் என்ன ஆகும் என்ற நம்பிக்கைகள்தான் பயத்தையும் கீழ்ப்படிதலையும் உண்டாக்கின.

ஆகவே இந்தச் சிகிச்சை குரலை நிறுத்தப் போவதில்லை. குரலுக்கு இருப்பதாக அவர் நம்பும் அதிகாரத்தைத்தான் அது தொடுகிறது. குரலை ஒழித்துவிடலாம் என்று வாக்குக் கொடுத்துவிட்டுத் தொடங்குகிறவர்கள் ஐந்தாவது சந்திப்பில் வழி தெரியாமல் நிற்பார்கள்.

பலருடைய அனுபவங்களைச் சேர்த்து அமைத்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். பெயர் சூசை, வயது 41. விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். சில ஆண்டுகளுக்கு முன் இரவில் வலை இழுக்கும்போது கூட வேலை பார்த்த நண்பர் கடலில் விழுந்து இறந்தார். மாதங்கள் கழித்து அந்த நண்பரின் குரல் கேட்கத் தொடங்கியது. “கடலுக்குப் போகாதே. போனால் உன் மகனை எடுத்துக்கொள்வேன்” என்கிறது. சில சமயம் “குதி” என்கிறது. சூசை கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். தினமும் பொழுது சாயும்போது முதல் பிடி சோற்றை மதில்மேல் வைக்கிறார். பத்து வயது மகனைக் கரைப்பக்கமே விடுவதில்லை. மனைவி பாசி எடுக்கப் போய்க் குடும்பத்தைக் காக்கிறார்.

முதலில் ஆபத்தைக் கேட்க வேண்டும். புதியவர்கள் குரல் என்ன சொல்கிறது என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். சொன்னதை அவர் எந்த அளவுக்குச் செய்தார் என்பது அதைவிட முக்கியம்.

உளவியலாளர்: “குதி” என்று சொன்ன நாளில் நீங்கள் என்ன செய்தீர்கள், அண்ணே?

சூசை: ஒரு தடவை படகு விளிம்பு வரைக்கும் போய்விட்டேன், சார். பக்கத்தில் நின்றவன் பிடித்துக்கொண்டான்.

உளவியலாளர்: கடைசியாக அப்படிச் சொன்னது எப்போது?

சூசை: இரண்டு வாரம் இருக்கும். வீட்டில்தான் இருந்தேன்.

உளவியலாளர்: அன்றைக்கு எது உங்களை நிறுத்தி வைத்தது?

சூசை: பையன் பக்கத்தில் படுத்திருந்தான். நான் போய்விட்டால் அவனுக்கு யார் என்று நினைத்தேன்.

உளவியலாளர்: மறுபடியும் அப்படிச் சொன்னால் யாரிடம் சொல்வீர்கள்?

இந்தப் பதில்கள் மனநல மருத்துவரிடம் அன்றைக்கே போய்ச் சேர வேண்டும். வீட்டில் ஒருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் தூக்கமே இல்லாமல், கட்டளையை நிறைவேற்றும் விளிம்பில் இருந்தால் அது இந்தச் சிகிச்சைக்கான நேரமில்லை. மருத்துவமனைக்கான நேரம் அது.

சூசை சோறு வைப்பதையும் வீட்டில் அடைந்து கிடப்பதையும் கீழ்ப்படிதல் என்ற கணக்கிலேயே சேர்க்க வேண்டும். குதிக்கவில்லையே, கட்டளையை மீறித்தானே இருக்கிறார் என்று தோன்றலாம். உண்மையில் பெரிய கட்டளைக்குப் பதிலாகச் சிறிய காணிக்கை செலுத்திக் குரலைச் சமாதானப்படுத்துகிறார். நோய் வருடக்கணக்கில் நீடிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மகன் ஒவ்வொரு நாளும் நலமாக இருக்கிறான், சூசையோ அதை ‘நான் சோறு வைத்ததால்’ என்று எழுதிக்கொள்கிறார். குரலின் மிரட்டல் வெற்று மிரட்டலா என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பு அவருக்கு ஒரு நாளும் கிடைப்பதில்லை.

இனி பேச்சு எங்கே கெடுகிறது என்று பார்ப்போம்.

சூசை: அவன்தான் பேசுகிறான், சார். எனக்கு அவன் குரல் தெரியாதா?

உளவியலாளர்: அது அவர் இல்லை, அண்ணே. இறந்தவர் எப்படிப் பேசுவார்? உங்கள் மூளையில் ரசாயன மாற்றத்தால் வருகிற சத்தம் அது.

சூசை: சரி, சார்.

உளவியலாளர்: நீங்கள் பயப்படத் தேவையே இல்லை.

சூசை: சரி.

அந்த இரண்டு ‘சரி’களும் உடன்பாட்டின் அடையாளமல்ல. பதில்கள் சுருங்குவது, பார்வை கதவுப் பக்கம் போவது, அடுத்த முறை வராமல் போவது, வந்தாலும் ‘இப்போது குரல் இல்லை’ என்று சொல்லிவிடுவது, இவையெல்லாம் வாக்குவாதத்தில் நாம் தோற்றுவிட்டதைக் காட்டுகின்றன. சில சமயம் குரலே உளவியலாளரைப் பற்றிப் பேசத் தொடங்கும்: ‘இவனை நம்பாதே.’ அதையும் கேட்டுவிடுவது நல்லது. “நாம் பேசிக்கொண்டிருக்கும்போது அது ஏதாவது சொல்கிறதா?” என்று இயல்பாகக் கேட்டால் பெரும்பாலோர் ஆறுதலோடு பதில் சொல்வார்கள்.

‘ஆமாம், ஆவிகள் அப்படித்தான் செய்யும்’ என்று ஒத்து ஊதுவதும் இதே அளவு கெடுதல். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. குரல் கேட்பது உண்மை. அது படுத்தும் பாடும் உண்மை. அது என்ன, அதனால் என்ன முடியும் என்பதை இரண்டு பேரும் சேர்ந்து பார்க்கப் போகிறோம். அவ்வளவுதான் சொல்ல வேண்டும்.

அடுத்த படி, ஒரு தாளில் மூன்று கட்டம் போடுவது. முதல் கட்டத்தில் நடந்தது, இரண்டாவதில் அதைப் பற்றி நினைத்தது, மூன்றாவதில் மனதும் உடலும் கையும் என்ன செய்தன என்பது. நேற்று மாலை நடந்த ஒரே ஒரு சம்பவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘பொதுவாக’ என்று தொடங்கும் பேச்சு எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்காது.

உளவியலாளர்: நேற்று எத்தனை மணிக்குக் கேட்டது?

சூசை: ஆறரை இருக்கும். படகு கட்டும் ஜெட்டியில் இன்ஜின் போட்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்குள்ளேயே வந்தது. “சோறு எங்கே?” என்றது.

உளவியலாளர்: அதைக் கேட்டதும் உங்களுக்குள் ஓடியது என்ன?

சூசை: வைக்காவிட்டால் பையனுக்கு ஏதாவது ஆகிவிடும்.

உளவியலாளர்: அப்புறம்?

சூசை: நெஞ்சு படபடத்தது. ஓடிப் போய் வைத்தேன்.

உளவியலாளர்: ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அதே குரல், அதே சொல். ஆனால் அதற்குப் பையனைத் தொடுகிற சக்தி கிடையாது என்று உங்களுக்கு உறுதியாகத் தெரியும். அப்போது மூன்றாவது கட்டத்தில் என்ன எழுதுவீர்கள்?

சூசை: (சற்று நேரம் கழித்து) எரிச்சல் வரும். கத்திவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிடுவேன்.

அந்தக் கடைசிப் பதில்தான் சிகிச்சையின் வாசல். குரல் மாறவில்லை, நடுக்கட்டம் மாறியதும் விளைவு மாறிவிட்டது. இதை அவரே தன் வாயால் சொல்ல வேண்டும். நாம் எடுத்துச் சொன்னால் அது பாடமாகிவிடும். பிறகு நடுக்கட்டத்தில் உள்ள வாக்கியத்தை எவ்வளவு நம்புகிறார் என்று நூற்றுக்குக் கேளுங்கள். சூசை 90 என்றார் என்று வைத்துக்கொள்வோம். மீதி 10 எதனால் என்ற கேள்வியை மறக்கக் கூடாது. சந்தேகத்தின் விதையை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை, அது அவரிடமே இருக்கிறது.

குரலின் அடையாளத்தை நேரடியாகத் தாக்க வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து. மானுடவியலாளர் தான்யா லுர்மனும் அவருடைய குழுவினரும் சென்னை, கானாவின் அக்ரா, அமெரிக்காவின் சான் மேட்டியோ ஆகிய இடங்களில் குரல் கேட்கும் தலா 20 பேரிடம் பேசி 2015-இல் வெளியிட்ட ஆய்வில், சென்னைக்காரர்களில் பலர் உறவினர்களின் குரலைக் கேட்பதாகச் சொன்னார்கள். அது குளிக்கச் சொல்லும், வீட்டு வேலை செய்யச் சொல்லும், திட்டவும் செய்யும். இந்தக் கடற்கரையிலும் குரலுக்கு முகம் உண்டு, முறை உண்டு. அந்த உறவை உடைப்பதைவிட அந்த உறவுக்குள்ளிருந்தே கேள்வி கேட்பது பலன் தரும்.

உளவியலாளர்: உயிரோடு இருந்தபோது அவர் எப்படிப்பட்டவர்?

சூசை: தங்கமானவன், சார். என் பையனுக்கு ஞானத்தகப்பன் அவன்தான். பெருநாளைக்குச் சட்டை அவன்தான் எடுத்துக் கொடுப்பான்.

உளவியலாளர்: பையன் மேல் அவ்வளவு பாசம்.

சூசை: உயிரையே விடுவான்.

உளவியலாளர்: அந்தப் பையனை எடுத்துக்கொள்வேன் என்று இந்தக் குரல் சொல்கிறது.

சூசை: (தலை குனிந்து) அதுதான் எனக்கும் புரியவில்லை.

இங்கே உளவியலாளர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். ‘பார்த்தீர்களா, அப்படியானால் அது அவர் இல்லை’ என்று முடிச்சுப் போடும் ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். புரியவில்லை என்ற நிலையிலேயே அவர் வீட்டுக்குப் போகட்டும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நண்பரைக் காப்பாற்ற முடியவில்லையே என்ற குற்ற உணர்வு இந்தக் குரலின் அடியில் கிடக்கிறது. அந்த இரவைப் பற்றி அவர் பேச விரும்பினால் அதற்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும்.

அதிகாரத்துக்கு அவர் காட்டும் ஆதாரங்களுக்கு வருவோம். சூசையிடம் இரண்டு இருந்தன. குரல் ஒரு முறை புயல் வரும் என்றது, வந்தது. ஒரு நாள் சோறு வைக்க மறந்தார், மகனுக்குக் காய்ச்சல் வந்தது. இவற்றை மறுக்காமல் எழுதிக்கொண்டு, ஒரு நோட்டில் இனிமேல் குரல் சொல்லும் ஒவ்வொரு முன்னறிவிப்பையும் தேதியோடு குறிக்கச் சொல்ல வேண்டும். எதிர்ப் பக்கம் காலியாக இருக்கட்டும், நடந்ததை அங்கே எழுதலாம். எழுதத் தெரியாதவர்களுக்கு வீட்டில் ஒருவர் எழுதலாம், அல்லது நாட்காட்டித் தாளில் கோடும் புள்ளியும் போதும். புயலைப் பொறுத்தவரை, வடகிழக்குப் பருவகாலத்தில் இந்தக் கரையில் யார் சொன்னாலும் ஏதாவது ஒரு முறை பலிக்கும். அதை நாம் சொல்லத் தேவையில்லை, நோட்டு சொல்லிவிடும். காய்ச்சலைப் பற்றி ஒரே கேள்வி போதும்: “குரல் வருவதற்கு முந்தைய வருடங்களில் பையனுக்குக் காய்ச்சலே வந்ததில்லையா?”

குரலை யாராலும் கட்டுப்படுத்த முடியாது என்பதும் அதிகார நம்பிக்கையின் ஒரு பகுதிதான். அதை அறையிலேயே சோதித்துவிடலாம். பலருக்கு வாய்விட்டுப் பேசும்போதோ படிக்கும்போதோ குரல் தணிகிறது. நமக்குள் ஓடும் பேச்சை மூளை வெளியாள் பேச்சாக எடுத்துக்கொள்கிறது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று. நாக்கும் உதடும் வேறு வேலையில் இருந்தால் உள்பேச்சுக்கு இடம் குறைகிறது. சூசையைச் செய்தித்தாளில் ஒரு பத்தியைச் சத்தமாக வாசிக்கச் சொல்லி, முன்னும் பின்னும் குரலின் உரப்பைப் பத்துக்கு எத்தனை என்று கேட்கலாம். ஏழு நான்கானால் போதும். பிறகு படகு இன்ஜின் சத்தத்தைப் போனில் போட்டால் அது மீண்டும் ஏறலாம். ஏற்றவும் இறக்கவும் முடிகிறது என்பதுதான் நமக்கு வேண்டிய சாட்சியம். ஜெபமாலை சொல்லும்போது தணிகிறது என்றாலும் நல்லதுதான், ஆனால் அந்தப் பெருமை ஜெபத்துக்குப் போய்விடும். எனவே பக்தியோடு சம்பந்தமில்லாத வாசிப்பையும் சேர்த்தே செய்து பார்க்க வேண்டும்.

சில சந்திப்புகள் கழிந்து, நம்பிக்கை 90-இலிருந்து 60, 65 என்று அசைந்த பிறகுதான் சோதனை முயற்சிக்கு வர வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். 90 சதம் நம்புகிறவரிடம் சோறு வைக்காதீர்கள் என்று சொல்வது, உங்கள் மகனைப் பணயம் வையுங்கள் என்று சொல்வதற்குச் சமம்.

உளவியலாளர்: எந்தச் சிறிய மீறலை உங்களால் தாங்க முடியும் என்று நினைக்கிறீர்கள்?

சூசை: வைக்காமல் இருக்க முடியாது. வேண்டுமானால் கொஞ்சம் தாமதிக்கலாம்.

உளவியலாளர்: எவ்வளவு நேரம்?

சூசை: பத்து நிமிடம்.

உளவியலாளர்: அந்தப் பத்து நிமிடத்தில் என்ன நடக்கும் என்று குரல் சொல்லும்?

சூசை: பையனை எடுத்துக்கொள்வேன் என்னும்.

உளவியலாளர்: எப்போதைக்குள்?

சூசை: ராத்திரிக்குள்.

உளவியலாளர்: எடுத்துக்கொள்வது என்றால் உயிர் போவதா, காய்ச்சல் வருவதா? இப்போதே முடிவு செய்து எழுதிவிடுவோம். நாளைக்குச் சளி பிடித்தால் அதையும் கணக்கில் சேர்க்கும்படி ஆகிவிடக் கூடாது.

சூசை: உயிர் என்றுதான் சொல்லும். உயிர் என்றே எழுதுங்கள்.

முன்கூட்டியே எழுதி வைக்கும் இந்தத் துல்லியம்தான் சோதனையின் உயிர். பத்து நிமிடம், பிறகு அரை மணி நேரம், பிறகு ஒரு நாள் சோறே இல்லாமல், பிறகு ஜெட்டியில் கட்டிக் கிடக்கும் படகில் இன்ஜின் ஓடும்போது உட்கார்ந்திருப்பது, பிறகு நாட்டுப்படகில் கரையோரமாக ஒரு நடை என்று படி ஏறலாம். படகில் ஏறும் கட்டத்தில் ‘குதி’ என்ற கட்டளை உயிரோடு இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். விவரம் தெரிந்த ஒருவர் கூட இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் படியைத் தொடக் கூடாது.

சோதனை நடந்த பிறகும் மூன்று விதத்தில் அது வீணாகலாம். முதலாவது, குரல் தவணை கேட்கும். இரவுக்குள் என்று சொன்னது, மறுநாள் “அமாவாசை வரட்டும்” என்னும். அதையும் நோட்டில் ஏற்றுங்கள். சில வாரங்களில் தவணைகளின் வரிசையே ஓர் ஆதாரமாகிவிடும். இரண்டாவது, அவர் மனதுக்குள் இரகசியமாக மன்னிப்புக் கேட்டிருப்பார், அல்லது மனைவி அவருக்குத் தெரியாமல் சோறு வைத்திருப்பார். “அந்தப் பத்து நிமிடத்தில் வேறு என்னென்ன செய்தீர்கள்?” என்று கேட்காமல் விட்டால் தெரியவே தெரியாது.

மூன்றாவதை விவரமாகச் சொல்ல வேண்டும். நோய் கண்டதும் வீட்டார் சூசையைப் புனித அருளானந்தர் திருத்தலமான ஓரியூருக்கும் கூட்டிப் போனார்கள், ஏர்வாடி தர்காவுக்கும் கூட்டிப் போனார்கள். இந்த மாவட்டத்தில் எந்த மதத்துக் குடும்பமும் செய்வதுதான் அது. ஓரியூர்ச் செம்மண் ஒரு சிறு பொட்டலமாக அவருடைய சட்டைப் பையிலேயே இருக்கிறது. சோதனை நன்றாக முடிந்ததும் அவர் சொல்கிறார்:

சூசை: மண் இருந்தது, சார். அதனால்தான் பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

உளவியலாளர்: இருக்கலாம். அப்படியானால் ஒரு சந்தேகம். ஒரு சிட்டிகை மண்ணை மீறி அந்தக் குரலால் எதுவும் செய்ய முடியவில்லை என்றுதானே ஆகிறது? முன்பு அதன் சக்தியை நூற்றுக்கு எத்தனை என்றீர்கள்?

சூசை: நூறுதான்.

உளவியலாளர்: இப்போது?

சூசை: ஐம்பது சொல்லலாம்.

பொட்டலத்தைக் கழற்றச் சொல்லியிருந்தால் அவரையும் இழந்திருப்போம், வீட்டாரையும் இழந்திருப்போம். பின்னால் ஒரு நாள் அவராகவே அதை வீட்டில் வைத்துவிட்டு ஜெட்டிக்குப் போய்ப் பார்க்கலாம், போகாமலும் இருக்கலாம். வழிபாட்டோடு போட்டி போடுவது நம் வேலையில்லை. நாம் விட்டுக்கொடுக்கவே கூடாத எல்லை கட்டிப்போடுதல்தான். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தீயிலிருந்து தப்ப முடியாமல் 28 பேர் மாண்டார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை அடியோடு தடை செய்கிறது. பிரார்த்தனையும் மாத்திரையும் பேச்சும் ஒரே மனிதருக்கு ஒரே காலத்தில் நடக்கலாம். அதைக் குடும்பத்தாரிடம் தொடக்கத்திலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

குரலோடு சேர்ந்து ஒரு மாயநம்பிக்கையும் வருவதுண்டு. இந்தக் கரையில் அதற்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. சூசை சொல்கிறார்: “இலங்கைக் கடற்படை என்னைத் தேடுகிறது. பெட்டிக்கடையில் ஒருவன் போனில் தகவல் சொல்கிறான்.” வேறு ஊரில் படித்துவிட்டு வந்தவர் இதை முழுவதும் நோய் என்று எழுதிவிடுவார். ஆனால் எல்லைக்கோட்டுப் பக்கம், கச்சத்தீவுக் கடலில், படகுகள் பிடிபடுவதும் மீனவர்கள் சிறை செல்வதும் இங்கே வீட்டுக்கு வீடு தெரிந்த செய்தி. பயத்தில் பாதி, ஊருக்கே சொந்தமானது. அந்தப் பாதியை ஒப்புக்கொள்ளாதவரிடம் மறுபாதியைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

உளவியலாளர்: கடற்படை பிடித்துவிடும் என்ற பயம் உங்கள் சம்மாட்டிக்கு இருக்கிறதா?

சூசை: இல்லாமல் என்ன? படகு போனால் அவர் வாழ்க்கையே போச்சு.

உளவியலாளர்: அவர் எதைப் பார்த்துப் பயப்படுகிறார்?

சூசை: எல்லை தாண்டிவிடக் கூடாது என்று பயப்படுகிறார். கப்பல் வெளிச்சம் தெரிந்தால் பயப்படுகிறார்.

உளவியலாளர்: பெட்டிக்கடையில் போன் பேசுகிறவரைப் பார்த்து?

சூசை: அதற்கு அவர் ஏன் பயப்பட வேண்டும்? அது என்னைப் பற்றி மட்டும்தானே.

உளவியலாளர்: சரி, இதை இரண்டு பக்கமாக எழுதுவோம். எல்லோருக்கும் இருக்கும் பயம் இந்தப் பக்கம். உங்களுக்கு மட்டும் இருக்கும் பயம் அந்தப் பக்கம். கடைக்காரர் போன் பேசுவதற்கு வேறு என்னென்ன காரணம் இருக்கலாம்? தோன்றுவதையெல்லாம் சொல்லுங்கள்.

சூசை: மீன் விலை கேட்கலாம். பெண்டாட்டியோடு பேசலாம். சரக்குச் சொல்லலாம்.

மாற்றுக் காரணங்கள் அவர் வாயிலிருந்தே வர வேண்டும், நாம் அடுக்கிக் கொடுத்தால் ஒவ்வொன்றையும் மறுத்துவிடுவார். ஒவ்வொரு காரணத்துக்கும் நூற்றில் எத்தனை என்று பங்கு போடச் சொல்லி, ‘என்னைப் பற்றித் தகவல்’ என்பதைக் கடைசியில் வைக்க வேண்டும். மீந்திருக்கும் இடத்துக்குள்தான் அது அடங்க வேண்டியிருக்கும். ஒரே நாளில் நம்பிக்கை கலையாது. 80-ஆக இருந்தது 60-க்கு வந்தால், பெட்டிக்கடைக்குப் போய் மகனுக்கு மிட்டாய் வாங்கிவர முடிகிறதா என்பதுதான் அளவுகோல்.

இவ்வளவு செய்தும் எவ்வளவு கிடைக்கும்? கட்டளைக் குரல்களுக்கான இந்தச் சிகிச்சையைப் பிர்ச்வுட் குழுவினர் பிரிட்டனில் 197 பேரிடம் சோதித்து 2014-இல் வெளியிட்டார்கள். ஒன்பது மாதச் சிகிச்சை. 18-ஆம் மாதத்தில் பார்த்தபோது, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 46 சதம் பேர் குரலின் கட்டளைக்கு முழுமையாகக் கீழ்ப்படிந்திருந்தார்கள். இந்தச் சிகிச்சையையும் சேர்த்துப் பெற்றவர்களில் அது 28 சதம். வித்தியாசம் பெரியதுதான், ஆனாலும் நான்கில் ஒருவருக்கு மேல் கீழ்ப்படிந்துகொண்டே இருந்தார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. மனச்சிதைவின் அறிகுறிகள் முழுவதற்கும் இந்தச் சிகிச்சை தரும் பலனைத் தொகுத்துப் பார்த்த ஆய்வுகள், அது சிறிய அளவிலானது என்றே சொல்கின்றன. மாத்திரையை நிறுத்துவதற்கான வழியாக இதை யாருக்கும் காட்டக் கூடாது.

பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு, தனிநபருக்குக் குறைந்தது 16 சந்திப்புகள் என்கிறது. இங்கே அது எளிதில்லை. பஸ் கட்டணம், கூலி இழப்பு, கூட வரும் ஆளின் ஒரு நாள் என எல்லாம் சேர்ந்தே ஒரு சந்திப்பின் விலை. ஆகவே சந்திப்புக்கு ஒரே ஒரு வேலை என்று வைத்துக்கொள்வது நல்லது: இன்று மூன்று கட்டத் தாள், அடுத்த முறை நோட்டு. வேலை எதுவானாலும் கட்டளையைப் பற்றிய கேள்வியை மட்டும் எந்தச் சந்திப்பிலும் விடக் கூடாது.

நாள் குறிக்கும்போது மீன்பிடித் தடைக்காலத்தை நினைவில் வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் கிடக்கும். வருமானம் நிற்கும், கடன் ஏறும், தூக்கம் தாறுமாறாகும். தேறி வந்தவர்களுக்குக் குரல் மீண்டும் உரக்கக் கேட்கும் பருவமாக அது அமையலாம். அதனால் திட்டத்தை ஏப்ரல் தொடக்கத்திலேயே பேசி முடித்துவிட வேண்டும்.

உளவியலாளர்: குரல் மறுபடியும் ஓங்கப் போகிறது என்றால் முதலில் எது மாறும்?

சூசை: தூக்கம் போகும். அப்புறம் சோறு வைக்க வேண்டும் போலத் தோன்றும்.

உளவியலாளர்: தோன்றினால்?

சூசை: நோட்டை எடுத்துப் பழைய தவணைகளைப் பார்ப்பேன். பேப்பரைச் சத்தமாக வாசிப்பேன்.

உளவியலாளர்: அதிலும் அடங்கவில்லை, இரண்டு இரவு தூக்கம் இல்லை என்றால்?

சூசை: வீட்டில் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவேன்.

உளவியலாளர்: “குதி” என்று சொன்னால்?

சூசை: இரண்டு இரவெல்லாம் காத்திருக்க மாட்டேன். அப்போதே சொல்வேன்.

இந்தப் பதில்களைச் சூசையின் சொற்களிலேயே தாளில் எழுதி, ஒரு படியை மனைவியிடம் கொடுக்க வேண்டும். அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416-ஐ அதன் கீழே பெரிதாக எழுதுங்கள், இரவிலும் எடுப்பார்கள். அடுத்த சந்திப்பின் தேதியை ஜூன் 14-க்கு முன்பே குறித்துவிடுங்கள். தடை முடிந்து முதல் நாள் கடலுக்குக் கிளம்பும்போதுதான் அவர் போன வருடம் படகு விளிம்பு வரை போனார்.